கானாடுகாத்தான் டேப்பும் ஜோடி மாறிய ஃபீல்டுகளும்

கேள்வி: நியூஜெர்சியில் இருந்த சித்தப்பா, 90களில் அங்கே டிவியில் வந்த ஒரு பயண நிகழ்ச்சியை விஎச்எஸ்ஸில் பதிவு செய்து அனுப்பினார். அதில் கானாடுகாத்தானில் எங்கள் வீடு, அப்பத்தா எல்லாம் வருகிறது. படச்சுருளில் எடுத்ததாம். கணினியில் ஏற்றினால் எது அசைந்தாலும் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. டீஇன்டர்லேஸ் போட்டேன், பல் போய்விட்டது. ஆனால் கேமரா திரும்பும் இடமெல்லாம் விக்கி விக்கிப் போகிறது. பழைய 24 ஃபிரேமுக்கே கொண்டுபோக முடியுமா?

முடியும். ஆனால் டீஇன்டர்லேஸ் செய்த அந்தக் கோப்பிலிருந்து முடியாது. டேப்பிலிருந்து முதலில் ஏற்றியது கைவசம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டிருந்தால் டேப்பை மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

நான் காரைக்குடியில் பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறவன். உங்களுடையது போலவே ஒரு டேப் போன வருடம் தேவகோட்டையிலிருந்து வந்தது. அதுவும் அமெரிக்க டிவியில் பதிவானது, அதுவும் வளவுத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் நிறைந்தது. அதில் பட்ட பாட்டை வைத்தே சொல்கிறேன்.

அமெரிக்க டிவியின் என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு ஏறத்தாழ 30 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒன்றில் ஒற்றை வரிகள், மற்றதில் இரட்டை வரிகள். கொட்டான் முடையும்போது ஒரு ஓலை விட்டு ஒரு ஓலை போவது போல இரண்டும் கோத்துக்கொண்டு முழுப் படமாகின்றன. ஆக நொடிக்கு 60 ஃபீல்டு. படச்சுருளிலோ நொடிக்கு 24 ஃபிரேம்தான். 24-ஐ 60-ஆக்க, படச்சுருளை டிவி சிக்னலாக மாற்றும் டெலிசினி கருவி ஒரு எளிய வழியை வைத்திருந்தது: ஒரு படத்தை இரண்டு ஃபீல்டுக்கும், அடுத்த படத்தை மூன்று ஃபீல்டுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. இதுதான் 3:2 புல்டவுன்.

படச்சுருளின் அடுத்தடுத்த நான்கு படங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைப்போம். அ-வுக்கு இரண்டு ஃபீல்டு, ஆ-வுக்கு மூன்று, இ-க்கு இரண்டு, ஈ-க்கு மூன்று. மொத்தம் பத்து. பத்து ஃபீல்டு என்றால் ஐந்து வீடியோ ஃபிரேம். அவை இப்படி அமையும்: அஅ, ஆஆ, ஆஇ, இஈ, ஈஈ.

மூன்றாவதையும் நான்காவதையும் பாருங்கள். கல்யாண வீட்டுத் திண்ணையடியில் செருப்பு ஜோடி மாறிக் கிடப்பது போல, ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு வெவ்வேறு படங்களின் பாதிகள். அதைத்தான் நீங்கள் சீப்புப் பல்லாகப் பார்க்கிறீர்கள். மூன்று ஃபிரேம் சுத்தம், இரண்டு ஃபிரேம் பல், மறுபடி மூன்று சுத்தம் என்று வந்தால் அது புல்டவுன் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

எந்தச் செருப்பும் தொலைந்துபோகவில்லை என்பதுதான் நமக்கு நல்ல செய்தி. இ-யின் ஒரு பாதி மூன்றாவது ஃபிரேமில் இருக்கிறது, மறு பாதி நான்காவதில். இரண்டையும் சேர்த்தால் இ முழுசாகக் கிடைக்கும். ஆ-வின் மூன்றாவது ஃபீல்டு வெறும் உபரி. அதனால் வேலை இரண்டே படி. முதலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அதன் சொந்த ஜோடியைத் தேடிச் சேர்ப்பது. சேர்த்து முடித்தால் வரிசை அ, ஆ, ஆ, இ, ஈ என்று ஆகிவிடும். பிறகு இரண்டு முறை வருகிற ஆ-வில் ஒன்றை எடுத்துவிடுவது. ஐந்து நான்காகிவிடும்.

டீஇன்டர்லேஸ் ஏன் விக்கியது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அது ஜோடி தேடுவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு, மற்ற வரிகளை அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. மேல் ஃபீல்டை மட்டும் எடுத்தால் வரிசை அ, ஆ, ஆ, இ, ஈ. அந்த உபரி ஆ அப்படியே நிற்கிறது. ஐந்துக்கு ஒரு ஃபிரேம் நகராமல் நிற்பதால் நொடிக்கு ஆறு விக்கல். போதாததற்கு, ஊகித்து நிரப்பிய வரிகளில் உங்கள் ஆத்தங்குடிக் கல்லின் மெல்லிய கோடுகள் நெளிந்திருக்கும். போய்ப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். நம் ஊரில் இது கெட்டுப்போவது பெரும்பாலும் மென்பொருளில் அல்ல, அதற்கு முன்பே. இந்தியாவில் டிவிக்கு வந்தது பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க டேப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பல கடைகளில் அதை 25-க்கு மாற்றித்தான் தருவார்கள். தேவகோட்டை டேப்பும் அப்படி ஒரு கோப்போடுதான் என்னிடம் வந்தது. முறை மாற்றும் பெட்டி 60 ஃபீல்டை 50 ஆக்குவதற்காகப் பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலந்துவிட்டிருந்தது. ஒரு தூண் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக இரண்டு தூண். கலந்த மாவைத் திரும்ப அரிசியும் உளுந்துமாகப் பிரிக்க முடியாது. டேப்பையே வாங்கி வரச் சொன்னேன். ஆகவே உங்கள் கோப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 29.97 என்று இருந்தால் மேலே படியுங்கள். 25 என்று இருந்தால் டேப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பல நாட்டு முறை டேப்புகளையும் ஓட்டும் மல்டிசிஸ்டம் டெக், என்டிஎஸ்சி டேப்பை ஓட்டும்போது பால்-60 என்ற கலவை முறையில் வெளியே விடுவது உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். அதில் நிறம் மட்டும்தான் பால் முறை. 60 ஃபீல்டும் அப்படியே வரும். கேப்சர் கார்டையும் அதே முறைக்கு வையுங்கள், இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். டெக்கே உள்ளுக்குள் 50-க்கு மாற்றுகிற வகையாக இருந்தால் அந்த டெக் இந்த வேலைக்கு உதவாது. ஏற்றும்போது 720×480 அளவில், இழப்பில்லாத கோடெக்கில், டீஇன்டர்லேஸ் இல்லாமல், அளவு மாற்றாமல் ஏற்றுங்கள். உயரத்தை ஒரு வரி குறுக்கினாலும் ஒற்றையும் இரட்டையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். விலை குறைந்த யுஎஸ்பி கேப்சர் குச்சிகளில் சில, நம்மைக் கேட்காமலே டீஇன்டர்லேஸ் செய்துவிடுகின்றன. ஏற்றிய படத்தில் சீப்புப் பல்லே தெரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

ஏற்றிய பிறகு உடனே கட்டளையை ஓட்டாமல், ஃபீல்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நான் எப்போதும் கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஒரு காட்சியைத் தேடி எடுப்பேன். தேவகோட்டை டேப்பில் வளவின் தேக்குத் தூண்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு போகும் எட்டு நொடிக் காட்சி ஒன்று இருந்தது. செங்குத்தான ஓரம், சீரான நகர்வு. இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ffmpeg என்ற மென்பொருளோடு வரும் ffplay-இல் அதை இப்படித் திறக்கலாம், `valavu.avi` இருக்கும் இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போடுங்கள்:

```
ffplay -vf "setfield=tff,separatefields" valavu.avi
```

ஓடும்போது s விசையைத் தட்டினால் படம் நின்று, ஒரு தட்டுக்கு ஒரு ஃபீல்டாக நகரும். ஒரு தூணின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு தட்டுங்கள். அது ஓரிடத்தில் இரண்டு தட்டு நின்று, அடுத்த இடத்தில் மூன்று தட்டு நின்று, மறுபடி இரண்டு என்று போனால் 3:2 தான். வரிகள் ஒற்றையும் இரட்டையுமாக மாறுவதால் படம் மேலும் கீழும் லேசாகத் துள்ளும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பக்கவாட்டு நகர்வை மட்டும் பாருங்கள். தூண் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போனால் ஃபீல்டு வரிசை தலைகீழ். `tff` என்பதை `bff` ஆக்கிப் பாருங்கள். வீடியோ கேமராக்காரர்கள் பயன்படுத்தும் DV கோடெக்கில் ஏற்றியது பெரும்பாலும் `bff` ஆகத்தான் இருக்கும். கோப்பே தன் வரிசையைச் சொல்லும்தான், ஆனால் அது பல நேரம் பொய் சொல்கிறது. தூணை நம்புங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் தூண் புது இடத்துக்குப் போகிறதா? அது படச்சுருளே இல்லை, வீடியோ கேமராவில் எடுத்தது. அதை 24-க்குக் கொண்டுவர முயல வேண்டாம், அதன் சொந்த வேகமே 60 தான். பயண நிகழ்ச்சிகளில் இது ரொம்ப சகஜம். ஊர்க் காட்சிகள் படச்சுருளில் இருக்கும், தொகுப்பாளர் ஸ்டுடியோவில் பேசுவது வீடியோவில் இருக்கும், நடுவில் விளம்பரமும் வீடியோவில் இருக்கும். அவற்றை வெட்டித் தனித்தனிக் கோப்பாக்கிவிட்டு, படச்சுருள் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பில் இரண்டு வேகத்தையும் வைத்துச் சமாளிக்கும் வழிகள் உண்டு. குடும்பத்துக்காகச் செய்யும் வேலைக்கு அந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கட்சி.

இப்போது கட்டளை. தூண் `bff` என்று சொல்லியிருந்தால் இதிலும் `order=bff` என்று மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i valavu.avi -vf "crop=720:468:0:0,fieldmatch=order=tff:combmatch=full:mchroma=0,yadif=deint=interlaced,decimate" -c:v ffv1 -c:a copy valavu24.mkv
```

`crop` அடியில் 12 வரியை வெட்டுகிறது. விஎச்எஸ் படத்தின் அடியில் ஒரு கிழிசல் பட்டை எப்போதும் இருக்கும், டெக்கின் ஹெட் மாறும் இடம் அது. அந்தக் கிழிசலை நிரல் சீப்புப் பல் என்று நினைத்துக்கொண்டு நல்ல ஃபிரேமையும் பழுது என்று ஒதுக்கிவிடும். `fieldmatch` தான் ஜோடி சேர்க்கிறது. `mchroma=0` என்றால் நிறத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தை மட்டும் வைத்து ஜோடி தேடு என்று பொருள். டேப்பில் நிறம் வழிந்து கிடப்பதால் அதை நம்பாமல் இருப்பதே நல்லது. எவ்வளவு தேடியும் ஜோடி கிடைக்காத ஃபிரேமை மட்டும் `yadif` ஊகித்து நிரப்புகிறது. `decimate` ஐந்துக்கு ஒன்றை எடுக்கிறது. ஒலியைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? ஃபிரேம் எண்ணிக்கைதான் குறைகிறது, ஓடும் நேரம் குறையவில்லை.

என் எட்டு நொடிக் காட்சி 240 ஃபிரேம், அதாவது 480 ஃபீல்டு. வெளியே வந்தது 192 ஃபிரேம். நியாயமாகப் பார்த்தால் 192 படங்களில் பாதி இரண்டு ஃபீல்டு, பாதி மூன்று ஃபீல்டு, கூட்டினால் 480. கணக்கு உதைக்கவில்லை. வேகம் 24 என்று வராமல் 23.976 என்று வரும். 1953-இல் அமெரிக்கர்கள் நிறத்தைக் கொண்டுவந்தபோது 60-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 59.94 ஆக்கினார்கள். படச்சுருளும் அதே அளவு மெதுவாக ஓடியது. அதை 24 ஆக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஒலி விலகிக்கொண்டே போகும்.

ஆனால் எண்ணிக்கை சரியாக வந்தால் படம் சரி என்று ஆகிவிடாது. `decimate` எப்படி இருந்தாலும் ஐந்துக்கு ஒன்றை எடுத்தே தீரும். தவறானதை எடுத்தாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். என் முதல் முயற்சியில் அதுதான் நடந்தது. முழு நிகழ்ச்சியையும் ஓட்டிவிட்டுத் தூண் காட்சியைப் பார்த்தால், அப்பத்தா வயது ஆச்சி ஒருவர் முற்றத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு எட்டு காணாமல் போயிருந்தது. ஓரடி பின்னால் இருந்த கால் சட்டென்று முன்னால் இருந்தது. சற்று முன்னால் ஒரு ஃபிரேம் இரட்டையாக நின்றிருந்தது.

காரணத்தை நிரலே எழுதிக் காட்டியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஜோடி கிடைக்காத ஒவ்வொரு ஃபிரேமுக்கும் `fieldmatch` திரையில் `still interlaced` என்று முடியும் ஒரு வரியை, ஃபிரேம் எண்ணோடும் நேரத்தோடும் எழுதும். அந்த வரிகளைப் படிப்பதுதான் இந்த வேலையின் பாதி. காட்சி மாறும் இடங்களில் ஒன்றிரண்டு வந்தால் அது இயல்பு. படச்சுருளை முதலில் வீடியோ டேப்புக்கு மாற்றிவிட்டு, பிறகு வீடியோவிலேயே எடிட் செய்திருக்கிறார்கள். அதனால் வெட்டு எங்கே விழுந்ததோ அங்கே 2-3 தாளம் அறுந்து, அடுத்த காட்சி வேறு இடத்திலிருந்து தொடங்கும். வெட்டு ஒரு படத்தின் நடுவில் விழுந்திருந்தால், ஒரு ஃபீல்டு மட்டும் அநாதையாக நிற்கும். அதன் ஜோடி எடிட் அறையிலேயே போய்விட்டது, நாம் என்ன செய்தாலும் திரும்பாது. அந்த ஒரு ஃபிரேம் பாதித் தெளிவில்தான் இருக்கும். வெட்டில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இதனால்தான் "ஐந்தில் மூன்றாவதும் நான்காவதும்" என்று நிலையான கணக்கு வைத்துப் பிரிக்கும் பழைய முறை இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு ஒத்துவராது. முதல் வெட்டு வரைதான் அது தாங்கும்.

காட்சியின் நடுவில், வெட்டே இல்லாத இடத்தில் அந்த எச்சரிக்கை வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். என் டேப்பில் ஆச்சி நடக்கும் இடத்தில் வந்தது அதுதான். டேப் அங்கே சுருங்கியிருந்தது. சிக்னல் ஒரு கணம் தடுமாறியபோது கேப்சர் மென்பொருள் ஒரு ஃபிரேமைத் தவறவிட்டு, நேரத்தைச் சரிக்கட்டப் பக்கத்து ஃபிரேமை இரட்டித்திருந்தது. எந்த மென்பொருளாலும் இதை மீட்க முடியாது, மறுபடி ஏற்றத்தான் வேண்டும். டேப்பை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திவிட்டு, டெக்குக்கும் கார்டுக்கும் நடுவே, சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்ற பெட்டி ஒன்றை வைத்து மறுபடி ஏற்றினேன். விட்டுப்போன ஃபிரேம் எண்ணிக்கை பூஜ்யம் என்று கேப்சர் மென்பொருள் காட்டிய பிறகுதான் அடுத்த வேலை. அந்தப் பெட்டியால் இன்னொரு லாபமும் உண்டு: வரிகள் இடவலமாக ஆடுவது நின்றுவிடும். ஆடும் வரிகளையும் நிரல் சீப்புப் பல் என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் முறை எச்சரிக்கைகள் வெட்டுகளில் மட்டுமே வந்தன, ஆச்சியின் எட்டும் திரும்பக் கிடைத்தது.

எச்சரிக்கை வரி தொடர்ந்து கொட்டினால், பெரும்பாலும் அது வீடியோவில் எடுத்த பகுதி. ஃபீல்டு வரிசையையும் ஒருமுறை சரிபாருங்கள். தூணிடம் திரும்பிப் போய் மறுபடி எண்ணுங்கள்.

எழுத்துகள் பற்றி ஒரு வார்த்தை. நிகழ்ச்சி முடிவில் பெயர்ப் பட்டியல் மேலே ஏறிக்கொண்டே போகும். பின்னால் படச்சுருள் காட்சி 24-இல் ஓடும், முன்னால் எழுத்து 60-இல் ஓடும். ஒன்றுக்குச் சரியான ஜோடி மற்றதற்குத் தவறு. நான் அந்தப் பகுதியை மட்டும் சாதாரண டீஇன்டர்லேஸில் விட்டுவிட்டேன். அசையாமல் நிற்கும் ஊர்ப் பெயர் எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் எல்லா டேப்புக்கும் இதே கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பதிவு செய்த டேப்பில் புல்டவுன் கிடையாது. பால் முறையில் 24 ஃபிரேமை 25 ஆக வேகமாக ஓட்டிவிடுவார்கள், ஒரு படத்துக்கு இரண்டு ஃபீல்டு, அவ்வளவுதான். பிரிக்க ஒன்றுமில்லை. `decimate` போட்டால் ஐந்தில் ஒரு நல்ல ஃபிரேமைத்தான் தூக்கி எறிவீர்கள். அதில் படமும் பாட்டும் 4 சதவீதம் வேகம், குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். இரண்டையும் சேர்த்து மெதுவாக்கினால் பழைய வேகம் வந்துவிடும். எப்போதாவது அந்த டேப்பிலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் சீப்புப் பல் தெரிந்தால், ஜோடி ஒரு ஃபீல்டு தள்ளி விழுந்திருக்கிறது என்று பொருள். `fieldmatch` மட்டும் போதும், `decimate`-ஐ எடுத்துவிடுங்கள்.

கடைகளில் வாங்கிய பழைய தமிழ்ப் பட டிவிடிகள் இன்னொரு வகை. உறையில் என்டிஎஸ்சி என்று இருக்கும், 29.97 என்று காட்டும். ஆனால் பால் டேப்பிலிருந்து மாற்றி எடுத்ததாக இருந்தால் ஃபீல்டைத் தட்டிப் பார்க்கும்போது பேய் உருவங்கள் தெரியும், ஒரே ஃபீல்டுக்குள் இரண்டு கை, இரண்டு முகம். அதில் 2-3 தாளம் கிடைக்காது. நான் மேலே சொன்ன 25 ஃபிரேம் கோப்பின் கதைதான், திசை மட்டும் வேறு.

கடைசியாக, முடித்த கோப்பை மடிக்கணினியில் ஓட்டிவிட்டு "இன்னும் லேசாக விக்குகிறதே" என்று திரும்பி வராதீர்கள். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 24-ஐ அதில் காட்ட அதுவும் ஒரு படத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்றுதான் காட்டியாக வேண்டும். டேப்பிலிருந்து நீக்கிய புல்டவுனைத் திரை மறுபடி போடுகிறது. 120 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை வரும். அந்தத் தூண் காட்சியை அப்படி ஒரு டிவியில் போட்டுப் பாருங்கள்.